ஸ்டேப்ளரில் சிக்கிய பின்

தாள்களை ஒன்றோடொன்று இணைப்பதற்கு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் கடைகளிலும் ஸ்டேப்ளர் என்னும் சிறு கருவியைப் பயன்படுத்துகின்றனர். தாள்களின் ஓரத்தை அதன் வாயில் வைத்து மேலே ஓர் அழுத்து அழுத்தினால், மெல்லிய கம்பியாலான பின் ஒன்று தாள்களைத் துளைத்து இறங்கி, அடியில் மடிந்து, அவற்றைப் பிணைத்துவிடுகிறது. இவ்வேலை கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிவதால், கருவியினுள் என்ன நிகழ்கிறது என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் பின் வாயிலேயே சிக்கிக்கொண்டு, மேல்பிடி இறங்காமலோ ஏறாமலோ நின்றுவிடும்பொழுதுதான் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறார்கள். அப்பொழுது பலர் செய்வது இரண்டே செயல்கள். ஒன்று, உள்ளங்கையால் மேல்பிடியை ஓங்கி அடிப்பது. மற்றொன்று, கத்தரிக்கோல் முனையை வாய்க்குள் நுழைத்து நெம்புவது. சிக்கிய பின் இவற்றால் சில வேளை வெளியே வருவதும் உண்டு. ஆயினும் அந்தப் பின்னோடு கருவியின் உயிர்நிலையான ஒரு தகடும் வளைந்துபோகிறது. அதன்பின் அக்கருவியில் பத்துப் பின்களை அடித்தால் மூன்று நான்கு சிக்கும்.

அத்தகடு எது, அது ஏன் வளைகிறது என்பதை அறிய, கருவியின் அமைப்பைச் சற்றே காண வேண்டும். ஸ்டேப்ளரின் மேல்பிடியை முழுவதும் தூக்கித் திறந்தால் நீண்ட காடி ஒன்று தோன்றும். பின்கள் ஒன்றோடொன்று மெல்லிய பசையால் ஒட்டப்பட்ட வரிசையாக இக்காடியில் அமர்கின்றன. வரிசையின் பின்னால் தள்ளி என்று சொல்லத்தக்க ஒரு சிறு உலோகத் துண்டு உண்டு. சுருள்வில் ஒன்று அத்தள்ளியை முன்னோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஆதலால் முதற்பின் எப்பொழுதும் காடியின் முன்சுவரை ஒட்டி நிற்கும். அவ்விடத்தில், காடியின் அடியில், ஒரு பின் மட்டும் நுழையக்கூடிய ஒடுங்கிய பிளவு ஒன்று அமைந்துள்ளது. அதுவே கருவியின் வாய். வாய்க்கு நேர் கீழே, அடித்தட்டின் முனையில், இரு குழிகள் கொண்ட சிறு பட்டடை இருக்கிறது. தாளைத் துளைத்து வரும் பின்னின் கால்கள் இக்குழிகளில் மோதி வளைந்து மடிகின்றன. பல கருவிகளில் இப்பட்டடையைத் திருப்பி வைக்கவும் இயலும். திருப்பி வைத்தால் கால்கள் உள்நோக்கி மடியாமல் வெளிநோக்கி விரியும். பின்னர் எளிதாகக் கழற்ற வேண்டிய தாள்களுக்கு அது ஏற்றது.

இனி, மேல்பிடியின் உட்புறத்தில் முன்முனையை நோக்கினால், செங்குத்தாகப் பொருத்தப்பட்ட மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைக் காணலாம். மேல்பிடியை அழுத்தும்பொழுது அந்த உந்துதகடே வாய்ப்பிளவினுள் இறங்கி, முதற்பின்னை வரிசையிலிருந்து பிய்த்து, கீழே தள்ளுகிறது. அழுத்தும்பொழுது கேட்கும் 'கடக்' என்ற ஓசையில் ஒரு பகுதி, பசை விட்டுப் பின் பிரியும் ஓசையே. இத்தகட்டின் அகலம் பின்னின் முதுகளவுக்குச் சமம். பெரும்பான்மையான மேசை ஸ்டேப்ளர்களில் அது ஏறத்தாழ ஒன்றேகால் சென்டிமீட்டர். அதன் தடிப்போ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அத்தடிப்பு தற்செயலாக அமைந்ததன்று. தகடு தடித்திருந்தால் அது ஒரே அடியில் இரண்டு பின்களைத் தொடும். ஒரு பின்னின் கம்பிக்கு ஒத்த மெலிவு அதற்கு இருந்தால்தான், ஒன்றை அடித்து அடுத்ததைத் தொடாமல் விடும்.

மெலிந்த தகட்டுக்கு ஒரு தன்மை உண்டு. அஞ்சலட்டை ஒன்றை மேசைமேல் நெட்டாக நிறுத்தி, மேல் விளிம்பில் விரலை வைத்து நேர்கீழாக மெல்ல அழுத்திப் பார்த்தால், சிறிது பாரத்தை அது தாங்கும். விரல் சற்றே முன்னாகவோ பின்னாகவோ சாய்ந்தால் அட்டை உடனே வளைந்துவிடும். அதே அட்டையைக் கிடையாகப் பிடித்து, அதன் விளிம்பின் போக்கிலேயே இடமும் வலமுமாக இழுத்தால் அது அசைந்து கொடுப்பதில்லை. உந்துதகடும் இவ்வட்டையைப் போன்றதே. நேர்கீழான அழுத்தத்தையும் அகலத்தின் போக்கில் வரும் விசையையும் அது நன்கு தாங்குகிறது. முன்பின்னாக வரும் விசையைத் தாங்குவதில்லை. வேலை செய்யும்பொழுது வாய்ப்பிளவின் இரு சுவர்களும் அதனை முன்னும் பின்னும் அணைத்து நிற்பதால்தான், அவ்வளவு மெல்லிய தகடு கம்பியைத் தாளுக்குள் செலுத்த முடிகிறது. சிக்கிய பின்னை எடுக்கும் முறை முழுவதும் இந்த ஒரு தன்மையிலிருந்தே பிறக்கிறது.

பின் ஏன் சிக்குகிறது? ஒரு பின்னுக்கென அமைந்த பிளவில் இரண்டு பின்கள் நுழைவதே பெரும்பாலும் காரணம். அழுத்தத் தொடங்கியவர் பாதியில் கையை எடுத்துவிட்டால் முதற்பின் பாதி இறங்கிய நிலையில் பிளவிலேயே நின்றுவிடுகிறது. உந்துதகடு மேலே போனதும், தள்ளி அடுத்த பின்னை முன்னுக்குக் கொணர்ந்து அதன் தலைமேல் நிறுத்துகிறது. மறுமுறை அழுத்தும்பொழுது மேற்பின் கீழ்ப்பின்னின் மீது மோதிச் சரிகிறது. இரண்டும் ஆப்புப் போலப் பிளவை அடைத்துக்கொள்கின்றன. அளவு மாறிய பின்னாலும் இக்கேடு நேரும். பின் பெட்டியில் 24/6 என்று அச்சிட்டிருந்தால், முதல் எண் கம்பியின் தடிப்பைக் குறிக்கும். இரண்டாவது எண் கால்களின் நீளம் 6 மில்லிமீட்டர் என்பதைக் காட்டும். முதல் எண் மிகுந்தால் கம்பி மெலியும். ஆகவே 26/6 என்னும் பின் அதே நீளமுள்ளதாயினும் மெலிந்த கம்பியாலானது. இரு வகைக்கும் இடங்கொடுத்துச் செய்யப்பட்ட கருவிகள் பல உண்டு. 24/6 ஒன்றுக்கே அமைந்த கருவியில் மெலிந்த பின்னை இட்டால், தகடு முதற்பின்னை அடிக்கையில் இரண்டாவதன் ஓரத்தையும் தீண்டிவிடும். 10 என்னும் எண்ணுடைய சிறு பின்னோ முதுகளவிலும் குறுகியது. பெரிய கருவியின் காடியில் அது நேராக நிற்பதே இல்லை.

தாள்களின் எண்ணிக்கை மிகுந்தாலும் பின் சிக்கும். இது எவ்வாறு என்பதை ஒரு பள்ளி அலுவலகத்தில் நிகழ்ந்ததாகக் கொள்ளும் ஒரு காட்சியால் விளக்கலாம். தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல்களைத் தொகுக்கும் நேரம். அலுவலக உதவியாளராகிய இளைஞர் 48 தாள்களை அடுக்கி, 24/6 பின் இட்ட ஸ்டேப்ளரில் வைத்து அழுத்தினார். மேல்பிடி பாதியில் நின்றது. கையை எடுத்தார், அது மேலெழுந்தது. முழு வலிமையோடு மீண்டும் அழுத்தினார். மேல்பிடி முன்னிலும் சிறிது இறங்கி, அவ்விடத்திலேயே நின்றுவிட்டது, எழவும் இல்லை. தாள்கட்டோ வாயைவிட்டு அகலாமல் தொங்கியது. இளைஞர் கருவியை மேசை விளிம்பில் தட்டக் கையை ஓங்கினார்.

"தட்டாதே தம்பி, அப்படியே மேசைமேல் வை" என்றார் அருகில் இருந்த மூத்த எழுத்தர்.

"தாள் கிழிந்துவிடும் போலிருக்கிறதே, ஐயா. இழுத்துப் பார்க்கட்டுமா?"

"இழுத்தால் தாள் கிழிவது மட்டுமா? உள்ளே தகடும் வளையும். முதலில் இது ஏன் நின்றது என்று கணக்குப் பார்ப்போம்."

எழுத்தர் போட்ட கணக்கு எளியது. அலுவலகத்தில் வழங்கும் அச்சுத்தாள் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். 48 தாள்கள் சேர்ந்தால் 4.8 மில்லிமீட்டர். பின்னின் காலோ 6 மில்லிமீட்டர். அத்தனை தாள்களையும் துளைத்து வந்தாலும் மடிவதற்கு எஞ்சுவது 1.2 மில்லிமீட்டர், அவ்வளவு சிறு நுனி பட்டடையில் மடிந்து பற்றாது. 20 தாள்களாயின் 4 மில்லிமீட்டர் எஞ்சும். பிடிப்பு உறுதியாக இருக்கும். எஞ்சும் நீளம் ஒருபுறமிருக்க, 48 தாள்களைத் துளைப்பதற்குள் மெல்லிய கால்களில் ஒன்று இடைவழியிலேயே மடங்கிவிடுகிறது. ஒரு கால் மடங்கியதும் பின்னின் முதுகு ஒருபுறம் சாய்கிறது. சாய்ந்த முதுகு பிளவின் சுவரில் குத்தி நின்றுவிடுகிறது. முதல் அழுத்தத்தில் நிகழ்ந்தது இது. கையை எடுத்ததும் இரண்டாவது பின் வந்து அதன்மேல் நின்றது. இரண்டாவது அழுத்தத்தில் உந்துதகட்டின் ஒரு மூலை இரு பின்களுக்கும் சுவருக்கும் இடையே புகுந்து இறுகிக்கொண்டது.

இவ்விடத்தில் ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். பின் சிக்கிய கருவிகள் இரு நிலைகளில் காணப்படுகின்றன. மேல்பிடி தானே எழுந்து, பின் மட்டும் வாயில் தொங்கினால், உந்துதகடு மேலே பத்திரமாக இருக்கிறது என்று பொருள். அந்நிலையில் மேல்பிடியைத் திறந்து வேலையைத் தொடங்கலாம். பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. மேல்பிடி கீழேயே நின்றுவிட்டால் தகடு பிளவினுள் சிறைப்பட்டிருக்கிறது. இந்நிலையில் மேல்பிடியைப் பிடித்து இழுத்துத் திறப்பதே எல்லாவற்றிலும் கேடான செயல். ஏனெனில் மேல்பிடி நேராக மேலெழுவதில்லை. கதவு கீலைச் சுற்றித் திரும்புவது போல, அது கருவியின் பின்முனையிலுள்ள ஆணியைச் சுற்றித் திரும்புகிறது. தகட்டின் அடிவிளிம்பைப் பின்கள் கவ்விப் பிடித்திருக்க, அதன் மேற்பகுதி பின்னோக்கிச் சாய்ந்துகொண்டே எழும். அஞ்சலட்டையின் அடியைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்ப்பதற்கு இது ஒப்பாகும். தகடு முன்பின்னாக வளைகிறது. சில வேளை அதன் மூலை முறிவதும் உண்டு. ஓங்கி அடித்தால் தகடு வளைகிறது என்பதைப் பலர் அறிவர். திறக்கும்பொழுதும் வளைகிறது என்பதை அறிந்தோர் சிலரே.

எழுத்தர் முதலில் தாள்கட்டை விடுவித்தார். பின்னின் கால்கள் பட்டடையில் மடியாதிருந்தமையால் தாள்கள் பின்னோடு இறுகப் பிணைக்கப்படவில்லை. கருவியை ஒரு கையால் நிலையாகப் பிடித்து, மறு கையால் கட்டைத் தாங்கி, வாய்க்கு நேர்கீழாக, ஒருபுறமும் சாயாமல் மெல்ல இறக்கினார். கட்டு சாய்ந்தால் அதன் பாரமே ஒரு நெம்புகோலாகிப் பின்னைத் திருகும். திருகிய பின் தகட்டைத் திருகும். தாள்கள் கழன்றபின், அடித்தட்டை முழுவதும் பின்னுக்கு விலக்கினார். பெரும்பாலான கருவிகளில் அடித்தட்டு கீல்மேல் திரும்பும். அவ்வாறு விலக்கினால் வாய் முழுவதும் வெளிப்படும். கருவியைத் தலைகீழாகத் திருப்பி, வாய்ப்பக்கம் முகத்துக்கு நேரே வராதவாறு சாளரத்தின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இறுக்கம் தளரும் கணத்தில் பின்துண்டு தெறிப்பதுண்டு. தெறிக்கும் துண்டு கண்ணில் பட்டால் அதன் தீங்கு ஸ்டேப்ளரின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று. அதுபோலவே, வாயின் கீழ் விரலை வைத்துக்கொண்டு எதையும் தளர்த்தலாகாது.

உள்ளே இரண்டு பின்கள் தெரிந்தன. கீழ்ப்பின்னின் இடக்கால் மடங்கியிருந்தது. வலக்கால் நேராக வெளியே நீண்டிருந்தது. இரண்டாவது பின் அதன் முதுகில் ஏறி நின்றது. எழுத்தர் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. மேசை அறையிலிருந்து ஒரு சாமணத்தை எடுத்தார். சாமணம் இல்லாவிடத்து, நுனி மெலிந்த சிறு குறடு போதும். கத்தரிக்கோல், கத்தி போன்றவை இவ்வேலைக்கு ஆகா. அவற்றின் முனையைப் பிளவில் இருத்தி நெம்பும்பொழுது, நெம்புதற்குரிய ஊன்றுகோலாக அமைவது வாயின் விளிம்பு அல்லது உந்துதகடு. இரண்டில் எது வளைந்தாலும் கருவி கெட்டது. சாமணமோ பின்னைக் கவ்வி இழுக்கிறது, எதன்மேலும் ஊன்றுவதில்லை.

நேராக நீண்டிருந்த வலக்காலை வாயை ஒட்டிய இடத்தில் அவர் கவ்வினார். நுனியில் கவ்வினால் கால் மட்டும் நிமிர்ந்தோ முறிந்தோ வரும். முதுகு உள்ளேயே நின்றுவிடும். கவ்வியபின் ஒரேயடியாக இழுக்கவில்லை. இடப்புறமும் வலப்புறமும், அதாவது தகட்டின் அகலத்தின் போக்கில், சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டே வெளிநோக்கி இழுத்தார். தகடு தாங்கக்கூடிய திசை இதுவே. அறியாதவர் கை இயல்பாக முன்னும் பின்னுமாக ஆட்டவே விரும்பும், ஏனெனில் அவ்வாறு ஆட்டும்பொழுது பின் விரைவில் தளர்வது போலத் தோன்றும். தளர்வது பின் அன்று, தகடு வளைந்து இடங்கொடுக்கிறது என்பது பின்னரே தெரியும். பின்னை வெளியே இழுப்பதிலும் ஒரு காரணம் உண்டு. அது எத்திசையில் செல்லப் புறப்பட்டதோ அத்திசையிலேயே அதற்கு வழி அமைந்திருக்கிறது. மேல்நோக்கித் தள்ளினால் உந்துதகட்டின் விளிம்பில் மோதும்.

ஐந்தாறு முறை அசைத்ததும் கீழ்ப்பின் கழன்று வந்தது. இரண்டாவது பின் உடனே சிறிது தளர்ந்தது. ஆயினும் மேல்பிடி எழவில்லை. எழுத்தர் தையல் எந்திர எண்ணெயில் ஒரு துளியைக் குண்டூசியின் நுனியில் எடுத்து, பிளவின் இடமூலையில் வைத்துச் சற்று நேரம் காத்திருந்தார். பின்னர் மேல்பிடியின் முன்முனையில், தகடு பொருத்தப்பட்டிருக்கும் இடத்துக்கு நேராக, இரு புறமும் விரல்களை வைத்து, முதலில் மயிரிழையளவு கீழே அழுத்தினார். உடனே நேராக மேலே தூக்கினார். இவ்வாறு மாறிமாறிச் செய்கையில் மூன்றாம் முறை மேல்பிடி தானே துள்ளி எழுந்தது. அது தானே எழுவதுதான் தகடு விடுபட்டதற்கு அடையாளம். மேல்பிடியின் அடியிலுள்ள பட்டைவில் அதனை எப்பொழுதும் மேலே உந்திக்கொண்டிருப்பதால், தடை நீங்கியதும் வேறு துணை வேண்டாமலே எழும். எழாதவரை மேல்பிடியைத் திறக்கலாகாது. விரல்களால் இயலாதபோது, அகன்ற முனையுள்ள திருப்புளியைக் காடிக்கும் மேல்பிடிக்கும் இடையே முன்முனையில் நுழைத்து, ஒரு பக்கம் சிறிது, மறுபக்கம் சிறிது என்று சமமாக உயர்த்தலாம். திருப்புளி தகட்டைத் தொடாதிருக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தினால் தகடு கோணும்.

மேல்பிடி எழுந்தபின் அதனை முழுவதும் திறந்தார். இவ்வகைக் கருவியில் மேல்பிடியைத் திறக்கும்பொழுதே தள்ளியும் பின்னுக்கு இழுபடுவதால், பின்வரிசையின்மேல் இருந்த அழுத்தம் நீங்கியது. பின்புறத்தில் பொத்தானை அழுத்திக் காடியை வெளியே இழுக்கும் வகையாயின், அப்பொழுது அவ்வாறு இழுத்து அழுத்தத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். சிக்கி நின்ற இரண்டாவது பின், இப்பொழுது சாமணத்தின் நுனி பட்டதும் உதிர்ந்தது. எழுத்தர் வரிசை முழுவதையும் வெளியே எடுத்துப் பார்த்தார். முன்னே இருந்த மூன்று பின்கள் தலை சாய்ந்து, பசை விட்டுப் பிரிந்து நின்றன. அவற்றை ஒடித்து எறிந்தார். இளைஞருக்கு அது வீணாகத் தோன்றியிருக்கலாம். 1,000 பின்கள் கொண்ட பெட்டியில் மூன்று பின்கள் ஒரு பொருட்டா? சாய்ந்த பின்னை மீண்டும் இட்டால் அடுத்த அழுத்தத்திலேயே அது சிக்கும்.

பின் இல்லாத காடியில் இனிச் செய்ய வேண்டியது தகட்டைச் சோதிப்பது. பலர் இதனைச் செய்வதில்லை. பின் எடுபட்டதும் வேலை முடிந்தது என்று கருதிவிடுகின்றனர். எழுத்தர் உந்துதகட்டின் முகத்தில் ஓர் இரும்பு அடிக்கோலின் விளிம்பைக் குறுக்கே வைத்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தார். இரண்டிற்கும் இடையே ஒளி புகாவிடின் தகடு நேரானது. நடுவிலோ மூலையிலோ ஒளிக்கீற்றுத் தெரிந்தால் அங்கே வளைவு உண்டு. பின்னர் மேல்பிடியை மெல்லக் கீழே இறக்கி, தகடு பிளவில் புகுவதைக் கண்ணாலும் கையாலும் உணர்ந்தார். நேரான தகடு உராய்வின்றி வழுக்கி இறங்கும். எங்கேனும் 'கிர்' என்று உராய்ந்தால் அவ்விடத்தில் விளிம்பு மடிந்து பிசிறு எழுந்திருக்கிறது. இக்கருவியில் இடமூலையில் மட்டும் சிறு பிசிறு இருந்தது. மெல்லிய அரத்தைத் தகட்டின் முகத்தோடு படியவைத்து, விளிம்பை நோக்கி இரண்டே முறை இழுத்ததும் அது மறைந்தது. விளிம்பையே அராவித் தேய்த்தலாகாது. விளிம்பு குட்டையானால் தகடு பின்னைக் கடைசிவரை தள்ளாது. பின்னின் முதுகு தாளின்மேல் படியாமல் எழும்பி நிற்கும்.

எண்ணெயை ஒரு பழந்துணியால் நன்றாகத் துடைத்தபின், பின்வரிசையைத் திரும்பவும் இட்டார். முதல் இரண்டு அழுத்தங்களை வெற்றுத்தாள் நான்கை மடித்து வைத்துச் செய்தார். எஞ்சிய எண்ணெய் மதிப்பெண் பட்டியலில் கறையாவதற்கு மாறாக அத்தாளில் இறங்கியது. 48 தாள்களை இருபத்துநான்காக இரண்டு கட்டாக்கி, தடித்த மேசையின்மேல் கருவியை வைத்து, ஒரே அழுத்தாக இறுதிவரை அழுத்தும்படி இளைஞரிடம் கொடுத்தார். 24 தாள்களுக்கு 2.4 மில்லிமீட்டர் போக, மடிவதற்கு 3.6 மில்லிமீட்டர் எஞ்சியது. இரு கட்டுகளும் நன்கு பிணைந்தன.

அடித்த பின்னைப் பார்த்தே கருவியின் நிலையை அறிய இயலும். முதுகு தாளோடு படிந்து, இரு கால்களும் ஒரே அளவில் மடிந்திருந்தால் குறையேதும் இல்லை. முதுகின் ஒரு புறம் மட்டும் எழும்பி, அதே பக்கத்துக் கால் மடங்கியிருந்தால், ஒரு முறை நேர்ந்ததாயின் தாளின் மேல் பழி. ஐந்து முறையும் அதே பக்கத்தில் நேர்ந்தால் தகட்டின் அந்த மூலை வளைந்திருக்கிறது. கால்கள் நேராக இறங்கிக் குழியைத் தவறி விழுந்தால் தகட்டில் குறையில்லை. பட்டடை இடம் விலகியிருக்கிறது. ஒரே அழுத்தில் இரண்டு பின்கள் விழுமாயின், பின்னின் அளவையும் அதன்பின் தகட்டின் விளிம்பையும் பார்க்க வேண்டும்.

தகடு உண்மையாகவே மடிந்துவிட்டதென்றால் அதனை நிமிர்த்துவதற்கு முயல்வோர் உண்டு. இலேசான வளைவைத் தட்டையான இரும்பின்மேல் வைத்து நிமிர்த்தலாம் என்பர். அது வில்லெஃகுக்கு நிகரான கடினத்தன்மையுள்ள தகடு. இலேசாக வளைத்தால் தானே மீண்டுவிடும். மீளாத அளவுக்கு வளைந்ததை நிமிர்த்தினால் மடிந்த கோட்டில் வலிமை குன்றி, சில நாள்களில் அங்கேயே மீண்டும் மடியும் அல்லது வெடிக்கும். பெரிய கருவிகள் சிலவற்றில் தகட்டைத் திருகாணியால் பொருத்தியிருப்பதால் புதிய தகட்டை வாங்கி மாற்றலாம். சாதாரண மேசை ஸ்டேப்ளர்களில் அதனைத் தறையாணியிட்டு இறுக்கிவிடுகின்றனர். தகடு போனால் கருவியும் போயிற்று.

1879-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் மெக்கில் என்பார் உரிமம் பெற்ற பழைய தாள் பிணைக்கும் எந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒரே பின்னைத்தான் வைக்க முடிந்தது. ஒவ்வொரு முறையும் கையால் பின்னை எடுத்து வைத்து அடிக்க வேண்டும். அவ்வெந்திரத்தில் அடுத்த பின்னைத் தள்ளிக்கொண்டு நிற்கும் வில்லும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்குவதற்கு இரண்டாவது பின்னும் இல்லை. வரிசையாகப் பின்களை இடும் காடி வந்தபின் வேலை பன்மடங்கு விரைந்தது. சாமணத்துக்கும் எண்ணெய்த் துளிக்கும் வேலை வந்ததும் அக்காடியாலேயே.